ஒரு சைட் மிரரின் விலை

திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில, ஒரு பின்னேரம். ஸ்கூல் வேன், கடற்கரைக்குப் போற ஆக்கள், பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்புற ஓட்டோ எல்லாம் ஒரே நேரத்தில சந்தியில. ஒரு ஓட்டோ திரும்பும்போது பக்கத்தில நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில தட்டுப்பட்டது. கண்ணாடி உடையக்கூட இல்லை, மடங்கினது, அவ்வளவுதான். பைக்கில இருந்த தம்பிக்கு எங்கட வயசுதான். அவர் "கண் தெரியாதா?" எண்டு கேட்டார். ஓட்டோக்காரர் "நீ ஏன் இடது பக்கத்தால நுழையிறாய்?" எண்டார். "நீ" எண்ட அந்த ஒரு எழுத்துக்குப் பிறகு மிரரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

தம்பி இறங்கி வந்து ஓட்டோவின் சாவியைப் பிடுங்கினார். ஓட்டோக்காரர் சட்டையைப் பிடித்தார். ஒரு அறை விழுந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஃபோனை எடுத்தோம், வீடியோ எடுத்தோம். இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்துதான் வருது, மறைக்க ஏலாது.

அந்த அறையில ஓட்டோக்காரரின் பல் ஒன்று உடைந்தது. இப்ப யார் பிழையாகத் திரும்பினது எண்டு எந்த அதிகாரியும் கேட்கிறதில்லை. கேட்கிறது பல்லைப் பற்றித்தான். முறைப்பாடு சொல்ல வேண்டியவர் பைக்கில வந்த தம்பி. இன்று எதிரியாகத் தவணைக்குப் போய் வாறவரும் அவர்தான்.

நாங்கள் சொல்ல வாறது இதுதான். ரோட்டில யார் சரி எண்டது ஒரு கேள்வி. ரோட்டில இறங்கி என்ன செய்தாய் எண்டது வேற கேள்வி. சட்டம் இந்த இரண்டையும் ஒருநாளும் கூட்டிக் கழிக்காது. முதலாவதில நூறு வீதம் நீங்கள் சரியாக இருக்கலாம், அதுக்காக இரண்டாவதில ஒரு அடி இலவசமாகக் கிடைக்காது. "அவன்தான் முதல் பிழை செய்தவன்" எண்ட வசனத்தைப் பொலிஸ் நிலையத்தில எத்தனை பேர் சொல்லியிருப்பாங்க! அந்த வசனம் தண்டனையைச் சில வேளை கொஞ்சம் குறைக்கும். வழக்கை இல்லாமல் ஆக்காது.

எங்கட ஆக்கள் நிறையப் பேருக்கு இந்த ஏணி தெரியாது, அதனால படி படியாகச் சொல்றம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுச் சட்டம். ரோட்டுச் சண்டையின் ஒவ்வொரு அசைவுக்கும் அதில ஒரு பிரிவு இருக்கு. மற்றவர் போக ஏலாதபடி பைக்கைக் குறுக்க விடுறதும் சாவியைப் பிடுங்கிறதும் சட்டவிரோதத் தடுப்பு எண்ட குற்றத்துக்குள்ள வரக்கூடியவை. "உன்னை முடிச்சுப் போடுவன்" எண்டது குற்றவியல் மிரட்டல். கண்ணாடியை உதைச்சு உடைச்சால் சொத்துச் சேதம். இவ்வளவும் கை ஓங்க முதலே நடந்து முடிஞ்சிடும்.

பிறகுதான் அடி. சாதாரண காயத்துக்கு 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. ஆனால் எலும்போ பல்லோ உடைந்தால் அது சட்டத்தின் பார்வையில் கடுங்காயம், 316ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை. அறைந்தவருக்கு இரண்டும் ஒரே அறைதான். அதே கை, அதே வேகம், அதே ஆத்திரம். எதிரில நிற்கிறவரின் பல் எவ்வளவு உறுதி எண்டதுதான் ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையில நிற்குது. அதை அறையிறதுக்கு முதல் யாரும் பரிசோதிக்க ஏலாது. அதோட, சீட்டுக்குக் கீழ கிடக்கிற வீல் ஸ்பானரைக் கையில எடுத்தால் ஆயுதத்தால் காயம் எண்டு ஏணி இன்னும் ஏறும்.

எங்கட வயசு ஆக்கள் அதிகம் செய்யிற பிழை இன்னொன்று. அது "மச்சான், சந்திக்கு வா, ஒருத்தன் சேட்டை விடுறான்" எண்ட ஃபோன் கோல். நீங்கள் தனிய அடிச்சால் அது ஒருத்தர் செய்த குற்றம். கூட்டாளிமார் வந்து அஞ்சு பேரானால், அடிக்கிற நோக்கத்தோட சேர்ந்த கூட்டம் சட்டவிரோதக் கூட்டமாகும். அதில ஒருத்தன் பொதுவான நோக்கத்துக்காகச் செய்ததுக்கு அஞ்சு பேரும் பொறுப்பு. பைக்கை விட்டு இறங்காமல் நின்றவனும் எதிரிக்கூட்டில ஏற வேண்டி வரலாம். இன்னொரு சேதமும் இருக்கு. திடீர் கோபத்தில செய்தேன் எண்டு சொல்லக் கிடைக்கிற சிறிய சலுகையும் அந்தக் கோலோட போயிடும். கோல் எடுத்து, ஆள் வரும் வரை பத்து நிமிசம் காத்திருந்தவருக்கு என்ன திடீர் கோபம்?

அடி விழுந்த பிறகு நடக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அடி வாங்கினவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். அடிச்சவரும், தனக்கும் அடி விழுந்தது எண்டு காட்ட, இன்னொரு கட்டிலில படுப்பார். சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எந்த வகைக் காயம் எண்டு அறிக்கை எழுதுவார். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிடம் கொண்டு போக வேணும். பிணை கிடைக்கலாம், விளக்கமறியலும் ஆகலாம். ஆள் இறந்து கொலைக் குற்றச்சாட்டாக மாறினால் நீதவான் பிணை கொடுக்க ஏலாது, மேல் நீதிமன்றம் வரை போக வேணும். இதுக்கிடையில கட்டாருக்கோ துபாய்க்கோ போக ஆயத்தமாக இருக்கிற ஒரு தம்பியை நினைச்சுப் பாருங்க. பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போகும்போது நிலுவையில வழக்கு. மடங்கின ஒரு கண்ணாடிக்காக.

"இதெல்லாம் பயமுறுத்துற கதை, கேஸ் கொஞ்ச நாளில முடிஞ்சிடும்" எண்டு சொல்றவங்களுக்கு ஒரு உண்மை வழக்கு.

இந்தியாவில பஞ்சாப் மாநிலம், பட்டியாலா நகரம். 1988 டிசம்பர் 27. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவுக்கு அப்ப வயசு 25, ஏற்கெனவே இந்திய அணிக்கு ஆடினவர். அவரும் நண்பர் ஒருவரும் இருந்த ஜிப்சி வண்டி நடுரோட்டில நின்றது. பின்னால காரில வந்த 65 வயசுப் பெரியவர் வழி விடச் சொன்னார். வாய்த்தர்க்கம், பிறகு கைகலப்பு. தலையில விழுந்த அடிக்குப் பிறகு பெரியவர் இறந்து போனார். தொடக்கம் முழுக்க "கொஞ்சம் வண்டியை எடுங்க" எண்ட அளவுதான்.

பிறகு நடந்ததைப் பாருங்க. 1999இல் விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி மூன்று வருடச் சிறை எண்டது. அப்ப அவர் நாடாளுமன்ற உறுப்பினர், பதவியை விட்டு விலகினார். 2018இல் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே காயப்படுத்தியது மட்டும்தான் நிரூபணம் எண்டு சொல்லி 1000 ரூபா அபராதத்தோட விட்டது. எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சிருப்பார். இறந்தவரின் குடும்பம் விடவில்லை, மறுபரிசீலனை கேட்டது. 2022 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் ஒரு வருடக் கடுங்காவல் விதித்தது. உடற்பலம் மிக்க ஒருவருக்கு, ஒரு குத்துச்சண்டை வீரருக்கோ கிரிக்கெட் வீரருக்கோ, வெறுங்கையும் ஆயுதமாகலாம் எண்ட கருத்தையும் நீதிபதிகள் சொன்னாங்க. 58 வயசில சித்து சரணடைந்தார். 2023 ஏப்ரல் 1இல் வெளிய வந்தார்.

25 வயசில ஒரு சில நிமிசம். 59 வயசில அதற்கான கணக்கு முடியுது. பணம், புகழ், பதவி, நாட்டின் பெரிய வக்கீல்மார் எல்லாம் இருந்த மனிசனுக்கே 33 வருடத்துக்கு மேல. எங்களுக்கு? இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்தப் பெரியவரின் வீட்டில அந்த நாள் 1988லேயே நின்று போச்சு. தண்டனை என்னவானாலும் அவர் திரும்பி வரவில்லை.

இனி எங்கட நாட்டுக்கு வருவம். இதைப் பற்றி எழுதாமல் திருகோணமலையில ரோட்டுச் சண்டையைப் பற்றி எழுதுறது நேர்மையில்லை.

2018 பெப்ரவரி 22, கண்டி மாவட்டம் தெல்தெனிய. வாகனம் தொடர்பான ஒரு தகராறில ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டார். மார்ச் தொடக்கத்தில அவர் ஆஸ்பத்திரியில இறந்தார். அவர் சிங்களவர். தாக்கினதாகக் கைதானவர்கள் நான்கு முஸ்லிம் இளைஞர்கள். கைது நடந்திட்டுது, சட்டம் தன் வழியில போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதுக்குள்ள அந்தச் சம்பவம் ஒரு சாரதிக்கும் நான்கு பேருக்கும் இடையிலான விசயமாக இல்லாமல் போச்சு. திகனவிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள்ள ஒரு முஸ்லிம் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6இல் நாடு முழுக்க அவசரகால நிலை. அடுத்த நாள் ஃபேஸ்புக், வட்ஸ்அப் முடக்கம். வெறுப்பைப் பரப்பத் தன் தளம் பயன்பட்டதுக்காக 2020இல் ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவிச்சது.

கலவரத்தை அந்த நான்கு பேர் செய்யவில்லை. கலவரம் செய்தவங்கள்தான் அதுக்குப் பொறுப்பு, அதில எங்களுக்குச் சந்தேகமில்லை. தீ வைக்கக் காத்திருந்தவங்களுக்கு ஒரு ரோட்டுச் சண்டை சாட்டாகக் கிடைச்சுது எண்டுதான் சொல்றம். எங்கட துறைமுகப் பக்கத்தை யோசிங்க. சீனக்குடா மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வந்து போற லொறிகளில நாட்டின் எல்லாப் பக்கத்துச் சாரதிமாரும் இருக்கிறாங்க. கிண்ணியாப் பாலத்தால வாற பைக், நிலாவெளிக்குப் போற சுற்றுலா வேன், கோணேஸ்வரத்துக்கு வந்த பஸ், டொக்யார்ட் வீதிக்கு வேலைக்குப் போற ஆக்கள். தமிழும் சிங்களமும் ஒரே சந்தியில திரும்புற ஊர் இது. இங்க "அந்த லொறிக்காரன்" எண்டு தொடங்கிற கதை, மூன்றாவது வாயில "அவங்கட ஆக்கள்" எண்டு மாற அதிக நேரம் எடுக்காது. நாங்கள் அன்றைக்கு எடுத்த வீடியோவின் ஆபத்தும் அதுதான். அதில முதல் தட்டுப்பட்டது இல்லை, பேச்சு இல்லை. அறை மட்டும்தான் இருக்கு. தலைப்பை எவனும் போடலாம்.

இப்ப எங்களுக்கு வரக்கூடிய மறுப்பு தெரியும். "அப்ப எல்லாத்தையும் விட்டுக்குடுத்துப் போகச் சொல்றீங்களா? விட்டால் தலையில ஏறுவாங்க. பொலிசுக்குப் போனால் நாள் முழுக்க நிற்க வேணும், அதுவும் எங்கட பாசையில எழுத மாட்டாங்க." இதில பாதி உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பொலிசில நிற்கிறதுக்கு அலுப்புப்பட்டு அடிச்சவர் எங்க போய் நிற்கிறார்? அதே பொலிஸ் நிலையத்திலதான், இந்த முறை கம்பிக்கு அந்தப் பக்கம். பாசைப் பிரச்சினைக்கும் வழி கை ஓங்கிறது இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. விளங்காத பாசையில எழுதினதுக்குக் கீழ கையெழுத்து வைக்காதீங்க. இதுவும் எதிர்த்து நிற்கிறதுதான். அறையிறதை விட இதுக்கு நெஞ்சுரம் கூட வேணும்.

அப்ப அந்த முதல் ரெண்டு நிமிசத்தில என்ன செய்யலாம்?

முதலாவது, வாகனத்தை விட்டு இறங்குற விதம். தட்டுப்பட்டால் நிற்கத்தான் வேணும், சட்டப்படி அது கடமை. சிக்னலைப் போட்டு, யாருக்கும் காயமில்லை எண்டால், ரெண்டு வாகனமும் நின்ற நிலையையும் நம்பர் பிளேட்டையும் ஒரு ஃபோட்டோ எடுத்திட்டு இடப் பக்கம் ஒதுக்குங்க. வாகனத்தைத்தான் படம் எடுக்க வேணும், ஆளின் முகத்துக்கு நேர ஃபோனைப் பிடிக்கிறது சவால் விடுற மாதிரி. ஹெல்மெட்டைக் கழற்றினால் பைக்கில கொழுவி விடுங்க. கையில ஹெல்மெட்டோட நடந்து வாறவரைப் பார்த்தால் அடிக்க வாறார் எண்டுதான் தெரியும்.

இரண்டாவது, முதல் வசனம். "கண் தெரியாதா" எண்டது கேள்வி இல்லை, அதுக்குப் பதிலும் இல்லை. "அண்ணே, காயம் ஏதும் பட்டதா?" எண்டது உண்மையான கேள்வி. கேட்டவுடன மற்றவர் தன்னைத்தானே ஒருமுறை பார்க்க வேண்டி வரும். கத்த வந்த வாய் அந்த ஒரு கணம் நிற்கும். யார் பிழை எண்டு அந்த இடத்தில தீர்க்கத் தேவையில்லை, நீங்கள் பிழையை ஒத்துக்கொள்ளவும் இல்லை. அதே வசனத்தைச் சிங்களத்திலும் பாடமாக்கி வையுங்க: "அய்யே, துவாலயக் வுணாத?" உச்சரிப்புப் பிழைச்சாலும் பரவாயில்லை. மற்றவரின் பாசையில மரியாதையாகத் தொடங்கிற வசனத்தை இனச் சண்டையாக மாற்றுறது கஷ்டம். முஸ்லிம் பெரியவர் எண்டால் "நானா" எண்டு கூப்பிடத் தெரியாத ஆள் இந்த ஊரில இல்லை. கோபம் வந்தாலும் "நீங்க"வை விடாதீங்க. மணிக்கூட்டுச் சந்தியில எல்லாம் கெட்டது "நீ"யிலதான்.

மூன்றாவது, நிற்கிற இடம். நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில, கை நீட்டினால் எட்டாத தூரத்தில. கை ரெண்டும் தெரியிற மாதிரி. மற்றவர் குரலை உயர்த்தினால் நீங்கள் தாழ்த்துங்க. அவர் சொல்றதை ஒருக்கால் முழுக்கச் சொல்ல விடுங்க. பிறகு ஒரே வசனம்: "நீங்க சொல்றது விளங்குது. நான் பார்த்தது வேற மாதிரி. ரெண்டு பேரும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லுவம், அவங்க வந்து பார்க்கட்டும்." கேட்காவிட்டால் அதையே திரும்பச் சொல்லுங்க. புதுசாக ஒரு வாதமும் சேர்க்காதீங்க, ஒவ்வொரு புது வாதமும் புது விறகு.

இதுக்கு எல்லை இருக்கு. மற்றவர் வெறியில இருந்தால், கையில ஏதாவது இருந்தால், கூட்டமாக வந்தால், எந்த மந்திர வசனமும் வேலை செய்யாது. அப்ப இறங்கவே வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு 119க்கு எடுங்க. போக வழி இருந்தால் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய், ஏன் அந்த இடத்தில நிற்கவில்லை எண்டதையும் சொல்லி உடனே முறைப்பாடு எழுதுங்க. பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீங்க, வெளிச்சமும் ஆக்களும் உள்ள ஷெட்டுக்குப் போங்க. விலகிப் போனதுக்காக யாரும் ஏழு வருடம் உள்ள போனதில்லை.

சின்னச் சின்ன விசயமாக ஏற்கெனவே கேஸ் ஆகிப் போயிருந்தால், மத்தியஸ்த சபை இருக்கு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சிறு காயம், சொத்துச் சேதம், மிரட்டல் மாதிரிப் பிணக்குகளில ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் அங்க தீர்க்கலாம். ஆனால் ஆள் இறந்த பிறகு அந்தக் கதவு திறக்காது.

கடைசியாக, சுற்றி நின்ற எங்களைப் பற்றி. அன்றைக்கு முப்பது பேர் நின்றிருப்பம். ஒருவராவது அந்தத் தம்பியின் தோளில கை போட்டு "வா தம்பி, தண்ணி குடிச்சிட்டு வருவம்" எண்டு இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த அறை விழுந்திராது. விலக்குப் பிடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளை, உங்கட பக்கத்து ஆளை இழுங்க. எதிராளியைப் பிடிச்சால் அவருக்கு ரெண்டு பேர் அடிக்க வந்த மாதிரி இருக்கும், சண்டை பெருக்கும். ஒருவர் கதைக்க, இன்னொருவர் வாகனங்களை விட்டு அனுப்பினால், பார்க்க நிற்கிற கூட்டமும் கலையும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில வீரம் சீக்கிரம் குறைஞ்சிடும்.

எங்கட ஃபோனில இருந்த வீடியோவை நாங்கள் ஒரு இடத்திலும் போடவில்லை. கேட்டால் விசாரணைக்குக் கொடுப்பம். ஆனால் வீடியோ எடுத்த கையால அந்தத் தம்பியின் கையைப் பிடிச்சிருக்கலாம். அந்த மிரரை அன்றைக்கே கையால நிமிர்த்தி விட்டிருக்கலாம், ஒரு சதமும் செலவில்லை.